100-க்கும் 98-க்கும் நடுவே

போன தீபாவளிக்குத் திருச்சி போயிருந்தபோது அம்மா போனை நீட்டிக் காட்டினாள். "ராத்திரி 100 காட்டுச்சு. விடிகாலை மூணு மணிக்கு எழுந்து பார்த்தா 98. வயர் மாட்டித்தான் இருக்கு, கரண்டும் போகல. தண்ணி குடிச்சிட்டு வந்து பார்த்தா 99, அப்புறம் திரும்ப 100. இது என்னடா, பேட்டரி போயிருச்சா?" போன வாரம் ஒரு கடையில் காட்டியிருக்கிறாள். போனைத் திறந்துகூடப் பார்க்காமல், பேட்டரி ஓட்டையாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

பேட்டரி ஓட்டையாகவில்லை. அந்தப் போன் செய்ய வேண்டியதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஆனால் "அதெல்லாம் ஒன்றும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டால் அம்மாவுக்குப் போதாது, எனக்கும் போதாது. வயர் மாட்டியிருக்கும்போது சார்ஜ் ஏன் குறைய வேண்டும்? குறைகிற அந்தத் துளியை அப்போதைக்கப்போது நிரப்பிவிடாமல் ஏன் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்? நியாயமான கேள்விகள். லீவு நான்கு நாள் இருந்ததால் உட்கார்ந்து அளந்தே பார்த்துவிட்டேன்.

முதலில் வீட்டிலேயே இருக்கிற இன்னொரு பேட்டரியைப் பார்க்கலாம். படிக்கட்டுக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறது. ஈயமும் அமிலமும் கொண்ட பழைய வகை. அது நிரம்பிய பிறகும் இன்வெர்ட்டர் அதை விடுவதில்லை. 13.5 வோல்ட்டை ஒட்டி ஒரு சின்ன அழுத்தத்தை நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கும், மெல்லிய மின்னோட்டம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நிரம்பிய பேட்டரிக்குள் அந்த மின்சாரம் போய் என்ன செய்யும்? தண்ணீரைப் பிரிக்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து மேலே போகும். சில மாதங்களுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே, அதற்கு ஒரு முக்கியமான காரணம் இதுதான். மிஞ்சி வரும் மின்சாரத்துக்கு ஒரு வடிகால் இருக்கிறது, அந்த வடிகாலுக்கு நாம் கொடுக்கும் விலை கொஞ்சம் தண்ணீர். பழைய டார்ச் லைட்டிலும் கம்பியில்லாத தொலைபேசியிலும் இருந்த நிக்கல்-காட்மியம் செல்லிலும் அப்படி ஒரு வழி உண்டு. அங்கே உருவாகும் ஆக்சிஜன் செல்லுக்குள்ளேயே திரும்பச் சேர்ந்துகொள்ளும், மிச்ச ஆற்றல் வெப்பமாகப் போகும். அதனால் அவற்றைச் சொட்டுச் சொட்டாக நாள் கணக்கில் சார்ஜில் விட்டு வைக்க முடிந்தது.

போனில் இருக்கும் லித்தியம்-அயான் செல்லுக்கு அந்த வடிகால் இல்லை.

எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது. லித்தியம் செல்லுக்குள் இரண்டு பக்கம். ஒரு பக்கம் கோபால்ட் ஆக்சைடு மாதிரி ஒரு பொருள், இன்னொரு பக்கம் கிராஃபைட். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் முதல் பக்கத்திலிருந்து கிளம்பி, கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையில் போய் உட்காருகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. அவ்வளவுதான் வேலை. நிரம்பிய பிறகும் மின்சாரத்தைத் தள்ளினால் தண்ணீர் மாதிரி வலியில்லாமல் பிரிந்துபோக உள்ளே எதுவும் கிடையாது. கிராஃபைட்டில் உட்கார இடம் கிடைக்காத லித்தியம் உலோகமாகவே மேலே படியத் தொடங்கும். அந்தப் பக்கம் கோபால்ட் ஆக்சைடிலிருந்து அளவுக்கு மேல் லித்தியத்தை உருவிவிட்டால் அதன் அடுக்குகள் தளர்ந்துபோகும், மேலும் போனால் ஆக்சிஜனையே வெளியே விடும். நடுவில் இருக்கும் திரவமோ எரியக்கூடியது. கொஞ்சமாகத்தானே தள்ளுகிறோம் என்பது இங்கே செல்லாது. கொஞ்சமாக, ஆனால் நிற்காமல் தள்ளினால் அதுவும் சேர்ந்துகொண்டேதான் போகும்.

அதனால் போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் (சுவரில் மாட்டும் பெட்டியை நாம் சார்ஜர் என்கிறோம், உண்மையில் அது வெறும் மின்சாரம் கொடுக்கும் அடாப்டர்தான், சார்ஜ் செய்யும் சிப் போனுக்குள் இருக்கிறது) இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தள்ளும், செல்லின் வோல்டேஜ் மெல்ல ஏறும். பழைய செல்களில் 4.2 வோல்ட், இப்போதைய போன்களில் பெரும்பாலும் 4.35-லிருந்து 4.45-க்குள் ஒரு எல்லை. அதைத் தொட்டதும் வோல்டேஜை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். செல் நிரம்ப நிரம்ப உள்ளே போகும் மின்னோட்டம் தானாகவே சுருங்கும். செல்லின் மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கியதும், அதாவது 4000 மில்லியாம்ப்-மணி பேட்டரி என்றால் 400 அல்லது 200 மில்லியாம்ப் ஆனதும், சிப் சார்ஜை முழுசாக நிறுத்திவிடும். குறைப்பதில்லை, சொட்டு விடுவதில்லை, நிறுத்திவிடுகிறது.

நிறுத்தியது எப்போது மறுபடி தொடங்க வேண்டும்? இதைத்தான் அம்மாவிடம் மொட்டை மாடித் தொட்டியை வைத்துச் சொன்னேன். எங்கள் வீட்டில் தொட்டிக்குத் தானியங்கி மோட்டார் உண்டு. தொட்டிக்குள் மேலே ஒரு சென்சார், கீழே ஒரு சென்சார். தண்ணீர் மேல் சென்சாரைத் தொட்டால் மோட்டார் நிற்கும். பாத்ரூமில் ஒரு வாளி பிடித்ததும் ஓடாது, கீழ் சென்சாருக்குக் கீழே தண்ணீர் போனால்தான் ஓடும். ஒரே ஒரு சென்சார் இருந்தால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஒரு சமயம் கீழ் சென்சார் கெட்டுப்போய், குழாயைத் திறந்து மூடும்போதெல்லாம் மோட்டார் ஓடி ஓடி நின்றது, காயில் போய்விட்டது. போனிலும் இரண்டு கோடு. மேலே ஒன்று நிறுத்த, கீழே ஒன்று தொடங்க. நடுவில் உள்ள இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. பாக்கெட் வானொலி, பவர் பேங்க் போன்ற சின்னச் சாதனங்களில் வரும் TP4056 என்ற மலிவான சிப்பில் மேல் கோடு 4.2 வோல்ட், கீழ் கோடு 4.05. போன், டேப்லெட் போன்றவற்றுக்கான BQ25895 என்ற சிப்பில் இந்த இடைவெளியை 0.1 வோல்ட்டா 0.2 வோல்ட்டா என்று தயாரிப்பவரே தேர்ந்தெடுக்கலாம். சில போன்கள் வோல்டேஜைப் பார்க்காமல் சதவீதத்தைப் பார்த்துத் தொடங்கும்.

சரி, குறைவது எதனால்? இங்கேதான் அளக்க வேண்டியிருந்தது. அம்மாவின் போன் ஆண்ட்ராய்டு. அதில் வயர்லெஸ் டீபக்கிங்கை, அதாவது போனின் உள் விவரங்களை லேப்டாப்பிலிருந்து கேட்க விடும் வசதியை இயக்கி, என் லேப்டாப்பை வைஃபை வழியாக இணைத்தேன். வயர் வழியாக லேப்டாப்பில் மாட்டினால் லேப்டாப்பே சார்ஜ் கொடுக்க ஆரம்பித்து அளவைக் குழப்பிவிடும், அதனால் வைஃபை. அப்புறம் ராத்திரி முழுக்க இதை ஓடவிட்டேன்:

```
while true; do
  date +%T
  adb shell dumpsys battery | grep -E "^ +(status|level|voltage|temperature|Charge counter):"
  sleep 300
done
```

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறேன். அடிக்கடி கேட்டால் கேட்பதே போனைத் தூங்கவிடாது, சார்ஜ் அதனாலேயே குறையும். `status` 2 என்றால் சார்ஜ் ஏறுகிறது, 5 என்றால் நிரம்பிவிட்டது, 4 என்றால் வயர் மாட்டியிருக்கிறது ஆனால் ஏறவில்லை. `voltage` மில்லிவோல்ட்டில் வரும். `Charge counter` என்பது பேட்டரியில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு, மைக்ரோஆம்ப்-மணியில். எல்லா போனும் இதைச் சரியாகக் கொடுக்காது, அம்மாவுடையது கொடுத்தது.

பேட்டரி மேல் அச்சிட்டிருந்தது 4000 மில்லியாம்ப்-மணி. மூன்று வருடப் பழக்கத்தில் நிரம்பினாலும் 3600-ஐ ஒட்டித்தான் நிற்கிறது.

இரவு 9.40-க்குத் திரையில் 100 வந்துவிட்டது. ஆனால் `status` இன்னும் 2. அதாவது திரை நிரம்பிவிட்டது என்கிறது, சிப் இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கிறது. 10.28-க்கு அடுத்து வந்த வரியில்தான் 5 ஆனது. அப்போது கணக்கு 3602 மில்லியாம்ப்-மணி. நிறுத்துவதற்கு முன் 4.39 வோல்ட் இருந்தது, பத்து நிமிடத்தில் 4.37-க்கு இறங்கியது, ஆனால் கணக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது.

இந்த முதல் இறக்கத்தைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். இதில் சார்ஜ் எதுவும் போகவில்லை. சார்ஜ் ஏறும்போது உள்ளே ஓடும் மின்னோட்டம் செல்லின் உள் எதிர்ப்பைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால் வோல்டேஜ் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். அயனிகளும் ஓரிடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, இன்னோரிடத்தில் குறைவாக இருக்கும். மின்னோட்டம் நின்றதும் அந்தக் கூடுதல் மறைந்துவிடும், அயனிகள் மெல்லப் பரவி அமைதியாகும். பொங்கி வந்த பால் அடுப்பை அணைத்ததும் கீழே இறங்குவது போல, பாத்திரத்தில் பால் குறையவில்லை.

அடுத்தது உண்மையான இறக்கம். 10.28-லிருந்து மெல்ல மெல்ல, அதிகாலை 2.30 தாண்டி கணக்கு 3521-க்கு வந்தது, வோல்டேஜ் 4.34, திரையில் 98. அடுத்த வரியில் `status` 5-லிருந்து 2. மூன்று மணி சுமாருக்குத் திரும்ப 5, திரையில் 100. அம்மா சொன்னது அப்படியே வரிவரியாக இருந்தது.

இப்போது கணக்கு. நான்கு மணி நேரத்தில் 81 மில்லியாம்ப்-மணி. மணிக்கு 20. இது பேட்டரி தானாகக் கசிந்ததாக இருக்க முடியுமா? நல்ல லித்தியம் செல் சும்மா வைத்தால் மாதத்துக்கு ஓரிரு சதவீதம்தான் இழக்கும். 3600-இல் இரண்டு சதவீதம் 72. அம்மாவின் போன் நான்கு மணி நேரத்தில் இழந்ததை, தானாகக் கசிவது என்றால் இழக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆக இது கசிவு இல்லை. மணிக்கு 20 மில்லியாம்ப்-மணி என்பது தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு போன் சாதாரணமாகச் சாப்பிடும் அளவு: சிக்னல் பிடித்து வைத்துக்கொள்வது, வைஃபை, வாட்ஸ்அப் செய்தி வந்ததா என்று பார்ப்பது. வயர் மாட்டியிருந்தும் போன் அந்த நான்கு மணி நேரமும் பேட்டரியிலிருந்துதான் சாப்பிட்டிருக்கிறது. சார்ஜை நிறுத்தியபோது சிப், அடாப்டர் பக்கத்துக் கதவையே சாத்திவிட்டது.

எல்லா போனும் இப்படி இல்லை. அடுத்த நாள் ராத்திரி என் போனை அதே கட்டளையில் போட்டேன். ராத்திரி முழுக்கக் கணக்கு அசையவே இல்லை. BQ25895 போன்ற சிப்களில் பாதை பிரிக்கும் வசதி இருக்கிறது: பேட்டரி நிரம்பியதும் பேட்டரிக்கான கதவை மட்டும் மூடிவிட்டு, போனுக்குத் தேவையானதை அடாப்டரிலிருந்து நேரடியாகக் கொடுக்கும், பேட்டரியைவிட ஏறக்குறைய 0.05 வோல்ட் கூடுதலான அழுத்தத்தில். அதனால் பேட்டரி சும்மா ஓய்வில் இருக்கும். அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. போன் கேட்பது அடாப்டர் கொடுப்பதைவிட அதிகமானால், மீதியைப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பின் பழைய யுஎஸ்பி வாயில் 500 மில்லியாம்ப்தான் வரும். அதில் மாட்டி, ஹாட்ஸ்பாட் போட்டு, வெளிச்சத்தை முழுசாக வைத்து வீடியோ பார்த்தால் எந்தப் போனும் வயரோடு இருந்தபடியே கீழே இறங்கும்.

திரை 100 என்று சொன்ன பிறகும் 48 நிமிடம் ஏறிக்கொண்டிருந்ததே, அது எனக்குப் பழைய ஒரு சர்ச்சையை நினைவுபடுத்தியது. 2012 மார்ச்சில் மூன்றாம் தலைமுறை ஐபேட் வந்தபோது, திரைகளைச் சோதிக்கும் டிஸ்பிளேமேட் நிறுவனத்தின் ரேமண்ட் சொனீரா, 100 காட்டிய பிறகும் அது நெடுநேரம் சார்ஜ் எடுத்துக்கொண்டிருக்கிறது, அப்படியானால் காட்டும் சதவீதமே தவறு என்றார். ஆப்பிளின் துணைத் தலைவர் மைக்கேல் சாவ் பதில் சொன்னார்: முழுசாக நிரம்புவதற்குச் சற்று முன்பே 100 என்று காட்டுகிறோம், பிறகு நிரப்புகிறோம், அதன் பின் சாதனம் கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏறும், வயரைப் பிடுங்கும் வரை இப்படியே நடக்கும், ஐபோனிலும் அப்படித்தான். மேலே போய்க் கீழே வரும் அந்த அலையைப் பயனருக்குக் காட்டாமல் திரை 100-லேயே நின்றுகொண்டிருக்கும். அம்மாவின் போன் அதை மறைக்காமல் 98 என்று காட்டிவிட்டது. நான் இதையே நல்லது என்று நினைக்கிறேன். மறைப்பதால் வேறொரு குழப்பம் வருகிறது: காலையில் 100-இல் வயரைப் பிடுங்குகிறோம், குளித்துவிட்டு வருவதற்குள் 97. ஒன்றும் கசியவில்லை, அலை கீழே இருந்த நேரத்தில் பிடுங்கியிருக்கிறோம். திரைதான் அதுவரை சொல்லவில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தால் பேட்டரி தேயுமா என்று அண்ணி கேட்டாள். இரண்டு சதவீதம் இறங்கி ஏறுவதால் வரும் தேய்மானம் மிகச் சிறியது. தேய்ப்பது வேறு: உச்ச வோல்டேஜில் நெடுநேரம் இருப்பதும், அதோடு சேர்ந்த சூடும். மேசையில் வயரோடே கிடக்கும் போன் வருடம் முழுக்க 4.3-க்கும் 4.4-க்கும் நடுவிலேயே இருக்கிறது, அதுதான் அதற்குப் பாரம். நிறுவனங்களும் இப்போது இதை ஒத்துக்கொண்டு, அந்த இரண்டு கோடுகளையே கீழே இறக்கிவைக்க வழி கொடுத்திருக்கின்றன. ஐபோன் 15-லிருந்து 80 என்ற எல்லையைத் தேர்ந்தெடுத்தால், 80-இல் நிறுத்தி 75-க்கு இறங்கினால்தான் மறுபடி தொடங்கும். சாம்சங்கின் ஒன் யூஐ 6.1-இல், 2024-இல் வந்தது, சாதாரணப் பாதுகாப்பைப் போட்டால் 100-இல் நிறுத்தி 95 வரை இறங்க விடும். அதைப் போட்டுவிட்டு 96-ஐப் பார்த்துப் பதறியவர் எங்கள் ஆபீஸிலேயே இருக்கிறார்.

அப்படியானால் எப்போது பதற வேண்டும்? நான் பார்ப்பது நேரத்தை. மேலே சொன்ன அலை மணிக்கணக்கில் நடப்பது. வயர் மாட்டிய சத்தம் சில விநாடிக்கு ஒருமுறை வருகிறது, மின்னல் குறி வந்து வந்து போகிறது என்றால் அது நிரப்புவது இல்லை, தொடர்பு சரியில்லை. போனின் வாயில் பஞ்சு அடைத்திருக்கும், அல்லது கேபிள் கழுத்தில் உடைந்திருக்கும். `status` 4 என்று வந்து, `temperature` 450-ஐத் தொட்டிருந்தால் (பத்தில் ஒரு டிகிரி கணக்கில், அதாவது 45 டிகிரி) சூட்டால் சார்ஜை நிறுத்தி வைத்திருக்கிறது. சித்திரை மாதத்தில் ஜன்னலோரம் வைத்த போனுக்கு இது சாதாரணம், நிழலுக்கு மாற்றினால் திரும்ப ஏறும். இன்னொன்று, செல்லின் முதுமை. வயது ஏற ஏற உள் எதிர்ப்பு கூடும், நிறுத்தியதும் வரும் அந்த முதல் இறக்கம் பெரிதாகும், அதிலேயே கீழ் கோட்டைத் தொட்டுவிடும். அப்போது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்த அலை அரை மணிக்கு ஒருமுறை வரும், ஒவ்வொரு முறையும் உள்ளே போவது சில மில்லியாம்ப்-மணிதான். அப்படி வந்தால் கடைக்காரர் சொன்னதைக் கேட்கலாம். பின்மூடி உப்பியிருந்தால் எதையும் அளக்க வேண்டாம், சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

அம்மாவின் போனில் எல்லை வைக்கும் வசதி இல்லை. அதனால் இரவெல்லாம் மாட்டி வைக்காமல், சாயங்காலம் சீரியல் நேரத்தில் மாட்டி, படுக்கப் போகும்போது எடுத்துவிடுவது என்று பேசிக்கொண்டோம். பேட்டரி மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, முந்தின நாள் தூக்கத்தில் எடுக்க மறந்துவிட்டதாகவும், விடியும்போது 98 இருந்ததாகவும் சொன்னாள். "மோட்டார் ஓடப் போற நேரம் போலன்னு விட்டுட்டேன். காப்பி போட்டுட்டு வந்து பார்த்தேன், 100."